இரண்டு போட்டோக்கள், ஒரு விடுபட்ட வரி

என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவியிடமிருந்து 2024 அக்டோபர் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோக்கள் வந்தன. அனுப்பியது அவருடைய பேரன். ஒன்று செப்டம்பர் மாத பென்ஷன் ஸ்லிப். மற்றொன்று வங்கியில் வாங்கி வந்து பாதி நிரப்பிய வாழ்நாள் சான்றிதழ் படிவம். கூடவே குரல் செய்தி ஒன்று: "தம்பி, இது ரெண்டையும் பார்த்து எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நீங்க அந்த செக்ஷன்லதானே இருந்தீங்க."

ஆமாம், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்துதான் நான் ஓய்வு பெற்றேன். அவரை அப்போதிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அவர் கணவர் 1996-ல் 58 வயதில் ஓய்வு பெற்று, 2012-ல் காலமானார். அன்றிலிருந்து அக்காவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம்.

முதலில் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லிப்பின் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. பி.பி.ஓ. எண்ணின் மேல் பேரனின் கட்டைவிரல் இருந்தது. "தாளை மேஜையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. எந்தக் குரூப்பிலும் போடாதே" என்றேன். பெயர், கணக்கு எண், பி.பி.ஓ. எண், மாதத் தொகை எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. 'லைஃப் சர்டிபிகேட் அப்டேட் செய்யணும், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று போன் செய்து ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

இரண்டாவது போட்டோ சுத்தமாக வந்தது. போனில் அக்காவை ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் போனோம்.

முதல் வரி அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம், 13,470 ரூபாய். "இது எங்கேருந்து வந்தது? அவருக்கு வந்தது இதைவிடக் கூடுதலாச்சே?" என்று கேட்டார். ஓய்வு பெற்றவருக்குக் கிடைப்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. அவர் போன பிறகு மனைவிக்குக் கிடைப்பது 30 சதவீதம். ஏழாவது ஊதியக் குழுவில் அவர் பதவிக்குக் கணக்கிட்ட சம்பளம் 44,900. அவர் இருந்திருந்தால் பாதியாக 22,450 வந்திருக்கும். 30 சதவீதம் என்றால் 13,470. வரி சரிதான்.

சிலருக்குக் கணவர் இறந்ததும் கொஞ்ச காலம் பாதிச் சம்பளமே குடும்ப ஓய்வூதியமாக வரும். ஓய்வு பெற்றபின் இறந்தவர் என்றால், அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகியிருக்கும் தேதி வரையோ, இறந்ததிலிருந்து ஏழு வருடங்களோ, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைக்கும். அக்காவின் கணவர் இறந்தது 74 வயதில். ஆகவே முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான்.

இரண்டாவது வரி அகவிலை நிவாரணம், ஸ்லிப்பில் டி.ஆர். என்று இருக்கும். அந்த மாதம் கொடுத்துக்கொண்டிருந்தது 50 சதவீதம். 13,470-ல் பாதி 6,735. இதுவும் சரி. மூன்றாவது வரி மருத்துவப்படி 1,000 ரூபாய். இதற்கு டி.ஆர். கிடையாது, வருடம் முழுக்க அதே தொகைதான்.

அடுத்து கம்யூட்டேஷன் என்ற வரியில் பூஜ்யம். அதைப் பார்த்து அக்கா கொஞ்சம் பயந்திருந்தார், எதையோ நிறுத்திவிட்டார்கள் என்று. கம்யூட்டேஷன் என்பது ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டதற்காக மாதாமாதம் கழிப்பது. குடும்ப ஓய்வூதியத்தில் அந்தக் கழிவு வராது. அங்கே பூஜ்யம் இருப்பது நல்ல செய்தி.

கடைசியில் மொத்தம் 21,205. வங்கிப் பாஸ்புத்தகத்திலும் அதே தொகை. "அப்ப எல்லாம் சரியா இருக்கு, இல்லையா தம்பி?" என்றார். இருக்கிற வரிகளைக் கூட்டினால் எல்லாம் சரிதான். ஸ்லிப்பை மட்டும் பார்த்திருந்தால் நானும் அத்தோடு போனை வைத்திருப்பேன்.

பிறகு படிவத்தின் போட்டோவைத் திறந்தேன்.

படிவத்தில் முதல் கட்டம் 'ஓய்வூதியர் பெயர்'. அதில் பேரனின் கையெழுத்தில் அக்காவின் கணவர் பெயர் இருந்தது. பையனைக் கேட்டால், "பாட்டிதான் அப்படி எழுதச் சொன்னாங்க" என்றான். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "அவர் பேர்லதானே தம்பி பென்ஷன் வருது? அவர் சம்பாதிச்சது."

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்தும் அந்த அம்மாள் அதை அவருடைய பணமாகத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தத் தாள் சொல்வது 'இதில் பெயர் கண்டவர் இன்று என் முன்னால் உயிரோடு வந்தார்' என்பது. அதில் காலமானவர் பெயர் இருந்தால் வங்கி அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அக்கா, நம்பர் அவருடையது, பெயர் உங்களுடையது" என்றேன். அதுதான் சுருக்கம். கணவர் காலமான பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருவது அதே பி.பி.ஓ. எண்ணில்தான். பன்னிரண்டு இலக்கம், மாறாது. ஆனால் பெயர்க் கட்டத்தில் வாங்குகிறவர் பெயர். வகை என்ற இடத்தில் 'குடும்ப ஓய்வூதியம்'. கணக்கு எண், இப்போது பணம் வருகிற கணக்கு. பேரன் வேறொரு படிவம் வாங்கிவந்து எழுதுவதாகச் சொன்னான்.

அதற்குக் கீழே இரண்டு உறுதிமொழிகள். ஒன்று, வேறு வேலையில் இல்லை என்பது. இன்னொன்று, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பது. இதைப் படித்துக் காட்டியபோது எண்பது தாண்டிய அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எல்லா வகை ஓய்வூதியர்களுக்கும் ஒரே தாளை அச்சடித்து வைத்திருப்பதால் வருகிற கூத்து இது. வேலையைப் பற்றியது ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கானது. மறுமணத்தைப் பற்றியது குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மகளைப் போன்றவர்களுக்கு வருடாவருடம் தேவைப்படும். எதை அடிப்பது, எதில் கையெழுத்து என்று வங்கி அதிகாரியைக் கேட்டு, அவர் எதிரிலேயே செய்யச் சொன்னேன். வாழ்நாள் சான்றிதழில் கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகவும் கூடாது. அதிகாரி பார்க்கும்போது போடுவதுதான் அந்தச் சான்றின் பொருளே.

பேரனுக்கு ஒரு சந்தேகம்: "மாமா, இதை போன்லயே முகத்தைக் காட்டிப் பண்ணலாமே?" செய்யலாம். ஜீவன் பிரமாண் செயலியில் ஆதாரை வைத்து முகம் பார்த்தே பதிவு செய்கிற வசதி இருக்கிறது. ரேகை தேய்ந்துபோன நம் வயதுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கேயும் இதே கட்டங்கள்தான்: பி.பி.ஓ. எண், கணக்கு எண், பணி ஓய்வூதியமா குடும்ப ஓய்வூதியமா என்ற தேர்வு. ஒன்று தப்பினாலும் வங்கியின் பக்கம் நிராகரிக்கப்படலாம். பதிவு முடிந்ததும் ஒரு எண்ணோடு செய்தி வரும். பலர் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்த எண், சான்று உருவானதற்குத்தான் அத்தாட்சி. வங்கி ஏற்றுக்கொண்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் என் கண் படிவத்தில் ஓர் இடத்தில் நின்றது. பிறந்த தேதி. அந்த வங்கியின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. பேரன் 1943 ஜூன் மாதத்தில் ஒரு தேதி எழுதியிருந்தான்.

"அக்கா, நவம்பர்லதானே எல்லாரும் கொடுப்பாங்க? அக்டோபரிலேயே படிவம் வாங்கி வந்திருக்கீங்களே?"

"எண்பது ஆனவங்க அக்டோபர் ஒண்ணுலேருந்தே கொடுக்கலாமாம். நவம்பர்ல கூட்டமா இருக்கும்னு பேரன் வாங்கிட்டு வந்தான்."

அது சரி. மத்திய அரசில் எண்பது நிறைந்தவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. முன்னாலேயே கொடுத்தாலும் அடுத்த வருடம் நவம்பர் 30 வரை செல்லும். ஆனால் எண்பது நிறைந்தவர் என்றால் ஸ்லிப்பில் இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும்.

மறுபடி ஸ்லிப்பைத் திறந்து பார்த்தேன். 'கூடுதல் ஓய்வூதியம்' என்ற வரியில் பூஜ்யம். கம்யூட்டேஷன் வரியில் இருந்த அதே பூஜ்யம்தான். அங்கே நல்ல செய்தியாக இருந்தது, இங்கே நஷ்டமாக இருந்தது.

மத்திய அரசு ஓய்வூதியத்தில் வயது 80 ஆனால் அடிப்படையில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50 சதவீதம். நூறு வயதில் இரு மடங்கு. ஓய்வு பெற்றவருக்கு மட்டுமல்ல, குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் இது உண்டு. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2006 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது. எண்பது நிறைகிற தேதி மாதத்தின் நடுவில் வந்தாலும், அந்த மாதம் முதல் தேதியிலிருந்தே கணக்கு.

அக்காவுக்கு எண்பது நிறைந்தது 2023 ஜூனில். 2023 ஜூன் 1 முதல் மாதம் 2,694 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் டி.ஆர். உண்டு. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 2023 ஜூன் ஒரு மாதம் 42 சதவீத டி.ஆரோடு சுமார் 3,825. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதம், 46 சதவீதத்தோடு மாதம் சுமார் 3,933, மொத்தம் சுமார் 23,600. 2024 ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒன்பது மாதம், 50 சதவீதத்தோடு மாதம் 4,041, மொத்தம் 36,369. பதினாறு மாதத்துக்கு ஏறக்குறைய 63,800 ரூபாய். அக்காவிடம் தொகையைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "மாசம் நாலாயிரம்னா என் மருந்துச் செலவே அதுல போயிருமே தம்பி" என்றார்.

இதை ஏன் யாரும் தரவில்லை? மோசடியும் இல்லை, விரோதமும் இல்லை. ஓய்வூதியரின் பிறந்த தேதி பி.பி.ஓ.வில் இருக்கும். ஆகவே அவருக்கு எண்பது வந்ததும் வங்கியின் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிவிடும். ஆனால் பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவியின் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. 1996-ல் இந்தக் கூடுதல் தொகையே கிடையாது என்பதால் யாருக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. தேதி இல்லாதவருக்குக் கம்ப்யூட்டரில் வயதே ஏறாது.

அக்காவின் பி.பி.ஓ. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. பெயர் இருக்கிறது, மனைவி என்று இருக்கிறது, தேதிக்கான இடம் வெறுமை.

"இப்ப நான் வாழ்நாள் சான்றிதழ்ல தேதி எழுதிக் கொடுக்கறேனே, அது போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போதாது. அது நாமாக எழுதிக்கொடுப்பது. வங்கிக்கு அதிகாரம் பி.பி.ஓ.வில் இருப்பதற்கு மட்டும்தான். அதில் தேதி ஏற வேண்டுமானால் கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அந்த அலுவலகம் அதன் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதும். அங்கிருந்து தில்லியிலுள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் வழியாக வங்கியின் மத்திய பென்ஷன் பிரிவுக்கு உத்தரவு போகும். உள்ளூர்க் கிளையில் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் கையில் அந்தப் பொத்தானே இல்லை.

ஆகவே இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தோம். வாழ்நாள் சான்றிதழை உடனே கொடுத்துவிடுவது. அதை இதற்காக நிறுத்தி வைத்தால் நவம்பர் முடிந்ததும் வருகிற பென்ஷனும் நின்றுபோகும். பிறகு சான்றிதழ் கொடுத்தால் நிலுவையோடு திரும்ப வரும்தான், ஆனால் அதுவரை கையில் காசு வேண்டுமே. இரண்டாவது, கூடுதல் ஓய்வூதியத்துக்குத் தனி விண்ணப்பம்.

விண்ணப்பத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொன்னேன். கணவர் பெயர், பதவி, ஓய்வு பெற்ற தேதி, காலமான தேதி. பி.பி.ஓ. எண். தன் பெயர், பிறந்த தேதி, எண்பது நிறைந்த மாதம். பி.பி.ஓ.வில் பிறந்த தேதியைச் சேர்த்து, 2023 ஜூன் 1 முதல் கூடுதல் குடும்ப ஓய்வூதியத்தை நிலுவையோடு அனுமதிக்கும்படி ஒரு வாக்கியம். அவ்வளவுதான். குறைகளையும் வருத்தங்களையும் எழுத வேண்டாம் என்றேன். படிக்கிற எழுத்தருக்குத் தேவையான தேதிகள் அதில் மறைந்துபோகும்.

வயதுக்கு ஆதாரம்? அக்காவிடம் பான் அட்டை இருந்தது. ஓட்டுநர் உரிமமும் பாஸ்போர்ட்டும் அவர் காலத்துப் பெண்களிடம் எங்கே இருக்கப் போகிறது? "எஸ்.எஸ்.எல்.சி. புக் இருக்கே தம்பி, டிரங்குப் பெட்டியில" என்றார். பழுப்பேறிய அந்தப் புத்தகத்தில் இருந்த தேதியும் பான் அட்டையில் இருந்த தேதியும் ஒன்றாகவே இருந்தன. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதி இருந்தால், எது சரி என்று கேட்டு ஒரு கடிதம் திரும்பி வரும், அதில் மாதங்கள் ஓடிவிடும். இரண்டின் நகலிலும் கையெழுத்திட்டு, பி.பி.ஓ.வின் முதல் பக்க நகல், கணவரின் இறப்புச் சான்று நகல் சேர்த்து, பழைய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. அதன் நகல் ஒன்று வங்கிக் கிளைக்கும். பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வந்தான் பேரன்.

நடுவில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, பழைய கோப்பு கிடைக்கவில்லை, பி.பி.ஓ.வின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள் என்று. அனுப்பினோம். அடுத்த வருடம் மார்ச் மாத ஸ்லிப்பின் போட்டோ எனக்கு வந்தது, இந்தத் தடவை நான்கு மூலையும் தெரிகிற மாதிரி. கூடுதல் ஓய்வூதியம் என்ற வரியில் 2,694. நிலுவை தனி வரியில். அக்காவின் குரல் செய்தி சின்னதாக இருந்தது: "அவர் விட்டுட்டுப் போனது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கு தம்பி."

இதை எழுதுவது அக்காவைப் போன்றவர்களுக்காக மட்டுமல்ல. இதைப் படிக்கிற ஆண்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். தேதியைச் சேர்க்கச் சொல்லி நாமே விண்ணப்பித்தால் வேலை சுலபம். கோப்பு எங்கே இருக்கிறது, யாருக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நமக்குப் பிறகு, எண்பது வயதில், நம் அலுவலகத்தின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருத்தி அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

நான் சொன்ன விகிதங்களும் மாதங்களும் மத்திய அரசு ஓய்வூதியத்துக்கானவை. மாநில அரசு ஓய்வூதியருக்கு வாழ்நாள் சான்றிதழ் தரும் மாதமும் அலுவலகமும் வேறு. வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தில் டி.ஆரும் இல்லை, வயதுக்கான இந்தக் கூடுதலும் இல்லை. அங்கே சான்றிதழை எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். பி.பி.ஓ. புத்தகத்தை எடுத்து, குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் என்ற இடத்தில் வீட்டம்மாளின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவருடைய பான் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே ஒரு பக்கம் எழுதி விரைவுத் தபாலில் போட்டுவிடுங்கள்.